வரிசையில் நிற்காத குழந்தை

அந்தக் குழந்தைகள் நல மையத்தில் வரிசை என்றால் வரிசைதான். முதலில் எடை மேசை, அடுத்து டாக்டர் மேசை, கடைசியில் ஊசி மேசை. யார் வீட்டுப் பிள்ளையானாலும் மூன்றையும் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். ஊசி மேசையில் இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் பெரிய நர்ஸ் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் காட்ட மாட்டாள். அவசரம், ஆபீசுக்கு நேரமாகிறது என்று யாராவது குழைந்தால், "எல்லாருக்கும்தான் நேரமாகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் தொடையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை. அது அவளுடைய தம்பியின் மகன். வீட்டில் அவனை வாண்டு என்று கூப்பிட்டார்கள், பேருக்கேற்ற வாண்டுதான். அவன் ஊசிக்கு வந்த நாளெல்லாம் பின்கதவு வழியாக வந்து, நேராக அத்தையின் மடியில் இறங்கி, அழுது முடித்து, பின்கதவு வழியாகவே போனான். முன்னால் நாற்பது தாய்மார்கள் வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது சொந்தக்காரப் பிள்ளையை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவளுக்கு அந்தச் சின்ன அதிகாரம்கூட இல்லையென்றால் எப்படி? அப்படித்தான் அவள் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைப்போம்.

வாண்டு பிறந்தபோது, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் அவனுடைய குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்கள். "வலது விரை பையில் இல்லை. மறுபடி பார்க்கவும்." தம்பி அந்த வரியைப் படித்துவிட்டு வெலவெலத்துப்போய் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள். காய்ச்சலுக்கு என்ன மாத்திரை, எந்தப் பெண்ணைக் கட்டலாம், எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வருவான். அக்கா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

"இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா? நூறு பசங்க பொறந்தா ரெண்டு மூணு பேருக்கு இப்படி இருக்கும். வயித்துக்குள்ளேருந்து இறங்கி வர்றதுதானே அது. கொஞ்சம் லேட்டா இறங்கும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

அதுவரைக்கும் அவள் சொன்னதில் பிழையில்லை. பிறந்தபோது காலியாக இருந்து, மூன்று மாதத்தில் இறங்கிவிட்ட பிள்ளைகளை அவளே எத்தனையோ பார்த்திருக்கிறாள். அந்த அனுபவம்தான் அவளுக்கு வினையாக வந்தது.

ஆறு வாரம், பத்து வாரம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம். ஒவ்வொரு தடவையும் ஊசி போட்ட பிறகு, அழுது துள்ளும் பிள்ளையை அரைகுறையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் "மறுபடி பார்க்கவும்" என்று உருண்டையான தன் கையெழுத்தில் எழுதினாள். ஒன்பதாம் மாதம் தம்பி பொண்டாட்டி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, வலது பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு. குளிப்பாட்டும்போது தினம் பாக்கறேன். இங்கயே டாக்டர் இருக்காரே, ஒரு தடவை காட்டிடலாமா?"

"சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத. பள்ளிக்கூடம் சேர்றதுக்குள்ள தானா இறங்கிடும். இறங்கலேன்னா அப்ப பாத்துக்கலாம். இத்துனூண்டு பிள்ளை மேல கத்தி வைக்கச் சொல்றியா?"

பயிற்சிக் காலத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த அம்மாள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த அம்மாளுக்கு அவருடைய ஆசிரியர் சொல்லியிருப்பார். பழைய நோட்டிலிருந்து வந்த பழைய பாடம். அன்றைக்குத் தாய் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வயதில் இன்னொரு தடவை கேட்டாள். அதே பதில்தான் வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான்கு வயதில் பள்ளியில் சேர்ப்பதற்கு உடல் பரிசோதனை வைத்தார்கள். பள்ளிக்கு வந்த டாக்டருக்கு வாண்டு யாருடைய மருமகன் என்று தெரியாது. வரிசையில் நிறுத்தினார், நிக்கரை இறக்கிப் பார்த்தார், ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். "உடனே குழந்தைகள் அறுவை மருத்துவரைப் பார்க்கவும்."

பார்க்கப் போனபோது அக்காவும் கூடவே போனாள். மையத்திலிருந்து நேராக வந்ததால் வெள்ளைச் சீருடையிலேயே இருந்தாள். தான் கூட இருந்தால் டாக்டர் மரியாதையாகப் பேசுவார், நாலு வார்த்தை கூடுதலாகச் சொல்வார் என்பது அவள் கணக்கு.

அறுவை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். வளவளவென்று பேசாதவர். கைகளை வெந்நீரில் கழுவி, நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். வாண்டைச் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். "குளிர்ந்த கை பட்டா மேல ஓடிடும், சில பசங்களுக்கு. அது வேற. அதைக் கீழ இழுத்தா வந்து நிக்கும். அப்படிப்பட்டதான்னு முதல்ல பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, இடுப்பு எலும்பின் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி விரல்களை மெதுவாக வழுக்கிக்கொண்டு போனார். தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் விரல் நின்றது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தார். வரவில்லை.

"இங்க இருக்கு. மேலயே மாட்டிக்கிட்டிருக்கு. பைக்குள்ள வராது" என்றார்.

"ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்?" என்று தம்பி கேட்டான்.

"வேண்டாம். கைக்கே தெரியுது. ஆபரேஷன் பண்ணி இறக்கி, பைக்குள்ள தைச்சு வைக்கணும். காலைல வந்தா சாயந்திரம் போயிடலாம்." குறிப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். உருண்டைக் கையெழுத்தில் நான்கு "மறுபடி பார்க்கவும்" வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "நாலு வயசு ஆயிடுச்சே. தானா இறங்கறது எல்லாம் முதல் ஆறு மாசத்துக்குள்ள இறங்கிடும். அதுக்கப்புறம் காத்திருந்து பிரயோஜனம் இல்ல. ஆறு மாசத்துலேருந்து ஒரு வயசுக்குள்ள பண்ணிடணும். தள்ளிப் போனாலும் ஒண்ணரை வயசு. யாரு காத்திருக்கச் சொன்னா?"

வாண்டு மேசை மேலிருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

அக்கா சீருடையின் மடிப்பை நீவிவிட்டாள்.

"யாரும் சொல்லல டாக்டர்" என்றான் தம்பி. "நாங்கதான் அசட்டையா இருந்துட்டோம். வேலை, அது இதுன்னு."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெற்றவர்களைத் திட்டிப் பழகியவர்தான். ஆனாலும் அன்றைக்குத் திட்டவில்லை. தம்பியின் மனைவி புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் அக்காவின் காதில் விழுந்தது. வேறு எதுவும் விழவில்லை.

"இதனால பின்னாடி என்ன ஆகும் டாக்டர்? கல்யாணம், குழந்தை..." தம்பி கேட்டான்.

"சொல்றேன், கேளுங்க. விரை உடம்புக்கு வெளிய தொங்கறதே கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும்னுதான். உள்ள சூடு ஜாஸ்தி. பின்னாடி விந்தணுவாகப் போற செல்கள் அந்தச் சூட்டுல ஒரு வயசு வாக்குலயே குறைய ஆரம்பிச்சிடும். போனது திரும்ப வராது. ஆனா இவனுக்கு இடது பக்கம் நல்லா இருக்கு. ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தவங்க பெரும்பாலும் மத்தவங்க மாதிரியே அப்பா ஆயிடறாங்க. ரெண்டு பக்கமும்னா கதையே வேற, அப்ப நிறைய பேருக்குக் கஷ்டம்தான்."

"அப்ப பயம் இல்லையா?"

"இன்னொண்ணும் சொல்லிடறேன், ஒளிக்கக் கூடாது. இப்படிப் பிறந்தவங்களுக்கு வாலிப வயசுல விரைல புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். ரொம்ப அபூர்வமான நோய்தான், இவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு வரவே வராது. வயசுக்கு வர்றதுக்கு முன்னாடி இறக்கி வச்சா அந்த வாய்ப்பு குறையும், முழுசாப் போகாது. கீழ இருந்தா ஒரு லாபம், கையால தடவிப் பாக்கலாம். கட்டி வந்தா சீக்கிரம் தெரியும், சீக்கிரம் தெரிஞ்சா குணப்படுத்திடலாம். பதினாலு பதினஞ்சு வயசுலேருந்து மாசத்துக்கு ஒரு தடவை அவனே பாத்துக்கணும். அதை யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்."

மூன்று வாரம் கழித்து ஒரு தேதி குறித்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் தம்பி அக்காவிடம், "நீ எதுவும் நெனச்சுக்காதக்கா. சீருடைல வந்திருக்க. உன் பேரைச் சொன்னா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்" என்றான். அவள் தலையாட்டினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் நம்முடையதா பிறருடையதா என்று தெரியாமல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனாள். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு ஊசி போட்டாள். ஒரு தடவையும் கை தவறவில்லை. கை தன்பாட்டுக்குச் செய்தது, அவள் எங்கோ இருந்தாள்.

மதியம் கூட்டம் குறைந்ததும் பீரோவைத் திறந்து சுற்றறிக்கைக் கோப்பை எடுத்தாள். அந்த மையத்தில் மேலிடத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் ஒரு நடைமுறை உண்டு. கடைநிலை ஊழியர் கோப்பைத் தூக்கிக்கொண்டு டீ நேரத்தில் வருவார். ஒவ்வொருவரும் ஓரத்தில் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பேனா. ஒருத்தி, "எதுக்கு இது?" என்பாள். இன்னொருத்தி, "சொத்தை எழுதி வாங்கறாங்க, போடு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். கோப்பு அடுத்த அறைக்குப் போய்விடும்.

தூசியைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கட்டுக்குள் அது இருந்தது. அரைப் பக்கம்தான். ஆறு மாதம் முடிந்தும் விரை இறங்காத ஆண் குழந்தைகளை உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தானாக இறங்கும் என்று அதற்கு மேல் காத்திருக்கச் சொல்லக் கூடாது. அறுவை ஒரு வயதுக்குள், தாமதமானாலும் ஒன்றரை வயதுக்குள் முடிய வேண்டும். ஓரத்தில் ஏழு கையெழுத்துகள். மூன்றாவது அவளுடையது. பக்கத்தில் உருண்டை உருண்டையாக, "படித்தேன்". வாண்டு பிறப்பதற்குப் பதினான்கு மாதம் முந்தைய தேதி.

அதோடு விட்டாளா? பரிந்துரைப் பதிவேட்டையும் எடுத்தாள். பக்கத்து மேசை டாக்டர் இந்த ஐந்து வருஷத்தில் பதினோரு ஆண் பிள்ளைகளை இதற்காக மேலே அனுப்பியிருந்தார். எல்லாரும் ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள். அந்தக் கடிதங்களைப் பிள்ளைகளின் புத்தகத்தில் பின் அடித்துக் கொடுத்தது அவள்தான். கடிதத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையும் பிரித்துப் பார்த்ததில்லை. டாக்டர் மேசைக்கும் ஊசி மேசைக்கும் நடுவே நான்கடி தூரம். ஊர் பேர் தெரியாத பதினோரு பிள்ளைகள் அந்த நான்கடியைக் கடந்து வந்ததால் தப்பித்தார்கள். வாண்டைப் பின்கதவு வழியாகக் கூட்டி வந்த பாசம்தான் அவனைக் கவிழ்த்தது. அவளே கவிழ்த்தாள். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட அவளுக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. கோப்பை மூடி, பீரோவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினாள்.

மூன்று வாரமும் தின்றாள், தூங்கினாள், ஊசி போட்டாள். அறுவை நாளன்று காலையில் வெறும் வயிற்றோடு வாண்டைக் கூட்டி வந்தார்கள். பசியில் அவன் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கினான். "அத்தை, நீயே ஊசி போடு. உன் ஊசி வலிக்காது" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மயக்க மருந்து டாக்டர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை அந்தப் பிடி தளரவில்லை. கதவு மூடிய பிறகு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ நாற்காலியை நகர்த்தி உட்கார வைத்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றாமலே பேசினார்.

"இறக்கிட்டேன். பைக்குள்ள நல்லா உக்காந்திருக்கு. மடிப்புல ஒரு தையல், பைல ஒரு சின்னத் தையல். தானாக் கரைஞ்சிடும். ரெண்டு மூணு வாரம் சைக்கிள், குதியாட்டம் கூடாது. அடுத்த வாரம் காட்டுங்க, அப்புறம் ஆறு மாசத்துல ஒரு தடவை, ஒரு வருஷத்துல ஒரு தடவை. மேல ஏறாம இருக்கான்னு பாக்கணும்."

"அது நல்லா இருக்கா டாக்டர்?" என்று தாய் கேட்டாள்.

"சின்னதா இருக்கு. இடதுல பாதிதான். வளருமா, எவ்வளவு வேலை செய்யும்னு இப்ப சொல்ல முடியாது."

"ஒரு வயசுல பண்ணியிருந்தா?"

டாக்டர் தொப்பியைக் கழற்றினார். "சில பேருக்குப் பிறக்கும்போதே சின்னதாத்தான் இருக்கும். இவனுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. ஆனா மூணு வருஷம் நமக்குக் கிடைச்சிருக்கும்."

வாண்டை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. உதடு காய்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கினான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பியும் அவன் மனைவியும், இந்தப் பக்கம் அக்கா. இப்போது சொல்லாவிட்டால் தான் எப்போதுமே சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி தன் மேல் போட்டுக்கொண்ட பழி அப்படியே அவன் மேல் இறுகிவிடும். பாவம், அவன் அதையும் அக்காவுக்காகச் சுமந்துகொண்டு திரிவான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்குத் தெரியாம நடந்துச்சுன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அப்படி இல்ல. இவன் பொறக்கறதுக்கு முன்னாடியே தாள் வந்திருக்கு, ஆறு மாசத்துலயே அனுப்பணும்னு. நான் படிக்காம படிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வரிசைல விட்டிருந்தா பக்கத்து மேசை டாக்டரே கண்டுபிடிச்சிருப்பார். நான்தான் நிக்க விடல."

முழுவதையும் சொன்னாள். பதினோரு பிள்ளைகளையும் சொன்னாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. மருந்துச் சீட்டு படிப்பது போலத்தான் வந்தது. அவளுக்கே அது அருவருப்பாக இருந்தது.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான். "தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து போனான். கட்டிலின் தலைமாட்டில் முழுத் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது.

அவன் மனைவி போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள்.

"நான் ரெண்டு தடவை கேட்டேன் அண்ணி" என்றாள்.

"கேட்ட."

"ஒன்பது மாசத்துல ஒரு நாள் உங்களுக்குத் தெரியாம வேற டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகலாம்னு கிளம்பினேன். வாசல் வரைக்கும் போனேன். உங்க தம்பி கேட்டார், அக்காவைவிட அந்த டாக்டருக்கு என்ன தெரியும்னு. திரும்பி உள்ள வந்துட்டேன். என்னையும் சேத்துத்தான் திட்டிக்கறேன், உங்களை மட்டும் இல்ல."

நர்ஸுக்கு அந்த இடத்தில் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. கலங்கினால் தேவலை என்று மட்டும் நினைத்தாள்.

"பதினாலு வயசுல இவனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல" என்றாள் தாய். "மாசாமாசம் தடவிப் பாக்கணும், எதுக்குப் பாக்கணும்னு. அதை நீங்கதான் சொல்லணும். அவன் நெட்டிலெல்லாம் தேடிப் பாப்பான், எனக்கு ஏன் லேட்டாப் பண்ணீங்கன்னு கேப்பான். அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். நாங்க சொல்ல மாட்டோம். அதுவரைக்கும் நீங்க எப்பவும் போல வீட்டுக்கு வாங்க, போங்க. உங்க மேல அவனுக்கு உசிரு. அதை நான் கெடுக்க மாட்டேன்."

"சரி" என்றாள் நர்ஸ்.

பத்து வருஷம். அவன் ஒவ்வொரு தடவை ஓடி வந்து மேலே ஏறும்போதும் அவள் அதை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். திட்டியிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும்.

தம்பி திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் இல்லை. முகம் கழுவியிருந்தான். அப்போது வாண்டு புரண்டான், வலியில் சிணுங்கினான், கண்ணைப் பாதி திறந்தான். முதலில் தெரிந்தது வெள்ளைச் சீருடைதான்.

"அத்தை, சரியாயிடுச்சா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு கேள்வி எழும்போதெல்லாம் தம்பி அவள் முகத்தைத்தான் பார்ப்பான். இத்தனை வருஷப் பழக்கம் அது. இன்றைக்கு அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து மகனின் நெற்றியில் கை வைத்தான்.

"இருடா கண்ணா" என்றான். "டாக்டரைக் கேட்டுட்டு வரேன்."